கல்லில் ஏறாத கார்

வெள்ளிக்கிழமைகளில் நேசமலர் அன்ரி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வருவாள். காரை நிறுத்த அந்தப் பக்கம் இடம் கிடைக்காது. அதனால் தயாபரனின் கடை வாசலில் விட்டுவிட்டு, அருச்சனைத் தட்டோடு நடந்து போவாள். டயர் போடுவதும் சக்கரங்களின் நேரை, அதாவது அலைன்மென்ட் பார்ப்பதும் தயாபரனின் தொழில். அன்ரியின் கணவர் இருந்த காலத்திலிருந்து அந்த வெள்ளைக் கார் அவன் கைக்குப் பழகியது. ஆகவே அன்று அவள் வந்து இறங்கியபோது அவனுக்கு ஒரு பயமும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் வந்தது வினை.

"தம்பி, உம்மட வேலை பிழைச்சுப் போச்சு. கார் திரும்பவும் இழுக்குது. இந்த முறை இடப்பக்கம்."

"இடப்பக்கமோ? முந்தி வலப்பக்கம்தானே அன்ரி?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். அப்ப டிரைவர் பெரியதம்பி பேவ்மென்ட் கல்லில ஏத்தினவர், இழுத்தது. சரி. இப்ப நான்தானே ஓடுறன். நான் ஒரு கல்லிலயும் ஏத்தேல்லை. பிறகென்னண்டு இழுக்கும்?"

அன்ரி ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர். அவள் கேட்கும் கேள்விகளுக்கு வால் இருக்காது, தலை மட்டும்தான் இருக்கும். தயாபரன் தலையைச் சொறிந்தான்.

"எப்ப தொடக்கம்?"

"போன கிழமை வீட்டுக்குக் கிட்ட சேர்விஸுக்கு விட்டனான். முன் டயரைப் பின்னுக்கும், பின் டயரை முன்னுக்கும் மாத்தினவை. எல்லாம் ஒரே மாதிரித் தேயுமாம். அண்டைக்குத் தொடங்கினது."

அவனுக்கு ஏதோ பொறி தட்டியது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

"பாத்து வைக்கிறன் அன்ரி. நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ."

போகத் திரும்பியவள் நின்றாள். "அந்த மனுசனை வேலையால நிப்பாட்டினது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்தான் தம்பி. கல்லில ஏத்தினதுக்காக நிப்பாட்டேல்லை. ஏத்தேல்லை ஏத்தேல்லை எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு, ரெண்டு நாள் கழிச்சுத் தானாய் வந்து ஏத்தினனான் எண்டார். பொய் சொல்லுற ஆளை வீட்டில வைச்சிருக்கேலாது, என்ன?"

"ஓம்" என்றான் தயாபரன். முகத்தைத் திருப்பிக்கொண்டு காரைப் பார்த்தான்.

காரைத் தூக்கியில் ஏற்றுமுன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு அகலமான ரோடு உண்டு, மேடு பள்ளம் இல்லாதது. அவன் எப்போதும் சோதிப்பது அங்கேதான். சாதாரண ரோடு தண்ணீர் வடிவதற்காக ஓரம் பார்த்துச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓடும் நம் நாட்டில் நல்ல காரும் அதில் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இது ஒதுங்கல் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததும் கார் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்த மாடு போல இடப்பக்கம் போயிற்று. பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே இழுவை. இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தான், எதுவும் அதிகமாய்ச் சூடாகவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. காற்றும் நான்கிலும் சரியாக இருந்தது.

கடைக்குக் கொண்டுவந்து தூக்கினான். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தபோது அது தெரிந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரிலும் போல்ட்டைத் தளர்த்துமுன், அது இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுவான். பாதி கோடு மேலே ஷாக் அப்சோபர் பிடியில் விழும், பாதி கீழே சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் விழும். எவ்வளவு அசைத்தோம் என்று பிறகு பார்த்தால் தெரியும். கடைக்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. தயாபரன் அதைப் பெருமையாய்ச் சொல்லிக்கொள்வான். இப்போது அந்தப் பெருமை அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கோட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நடுவில் ஒரு தடித்த நூல் அளவு விலகியிருந்தன. விலக்கியது கல் அல்ல, அவன் கை.

அந்தக் கோட்டைப் போட்டது நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரம். யாழ்ப்பாணம் போகிற காரெல்லாம் அவன் வாசலில் வரிசை கட்டி நின்ற நேரம். பெரியதம்பி அன்ரியின் காரோடு வந்தார். மலையகத்தில் பிறந்து, இளமையிலேயே கொழும்புக்கு வந்து, வாழ்நாளில் பாதியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்த மனிதர். "வலது பக்கம் இழுக்குதுங்க தம்பி" என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "முன்னால புது டயரு ரெண்டு போட்டீங்களே, அன்னையில இருந்துதாங்க இழுக்குது."

அந்தப் புது டயர்களைப் போட்டது தயாபரன்தான். விற்றதும் அவன்தான். இழுவைக்கு டயர் காரணம் என்றால் கழற்ற வேண்டும், மாற்ற வேண்டும், அவனுக்கு விற்ற வியாபாரியோடு சிங்களத்தில் மல்லுக்கட்ட வேண்டும், வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். "புது டயருல ஒண்டும் இருக்காது அண்ணே" என்று வெட்டிவிட்டான். செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. முன் டயர் இரண்டையும் இடம் வலமாய் மாற்றிப் போட்டு ஒரு தடவை ஓட்ட வேண்டும். இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாமல் அதே பக்கம் நின்றால் அலைன்மென்ட்டிலோ கீழிருக்கும் பாகங்களிலோ. பழகிய கைக்குக் கால் மணி நேரமும் ஆகாது. அன்றைக்கு அந்தக் கால் மணி நேரம் அவனிடம் இல்லையாம்.

காரை மெஷினில் ஏற்றினான். எண்கள் எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. இரண்டு முன்சக்கரங்களின் சாய்வுக்கும் நடுவே மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். தொழில் தெரிந்த எவனும் அதைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போவான். தயாபரன் பிடித்துக்கொண்டான். வலது சக்கரத்தின் மேல் பக்கத்தை உள்ளே சாய்த்தான். அப்படிச் சாய்த்தால் கார் எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். டயர் வலப்பக்கம் இழுக்க, சாய்வு இடப்பக்கம் இழுக்க, நடுவில் கார் நேராய்ப் போயிற்று. நோயைத் தீர்க்காமல் எதிர் நோய் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் போகட்டும். அன்ரி போன் எடுத்து, "என்னண்டு தம்பி இப்பிடி வந்தது?" என்று கேட்டபோது, அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கயாவது பேவ்மென்ட் கல்லில ஏத்தியிருப்பினம் அன்ரி. மெஷினில காட்டுது" என்றான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கார் விடுகிறவர்கள் எல்லோரும் இடச் சக்கரங்களைக் கல்லில் ஏற்றித்தான் நிறுத்துவார்கள். ஆகவே நம்புவதற்கு எளிதான பொய். ஏறியது இடச் சக்கரமாய் இருக்கும், இழுத்தது வலப்பக்கம். அது பொருந்துமா என்று அன்ரிக்குக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவன் கேட்கவில்லை. தெரியாமலா சொன்னாய் என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டான். முழுக்கத் தெரியவில்லை. அரைவாசி தெரியும். அந்த அரைவாசிதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

"என்ன அண்ணன், பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றான் ரிம்ஸான். மாளிகாவத்தைக்காரன், டயர் கழற்றுவதில் மன்னன், தயாபரனோடு கடை தொடங்கிய நாள் முதல் இருக்கிறவன்.

தயாபரன் கோட்டைக் காட்டினான். ரிம்ஸான் விளக்கை வாங்கிப் பார்த்தான். ஸ்பானரை எடுத்து வந்தான்.

இருவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். முதலில் போல்ட்டைத் தளர்த்திக் கோட்டின் இரண்டு பாதிகளையும் பொருத்தி இறுக்கினார்கள். மெஷினில் ஏற்றி முன்சக்கரங்களின் நேரைச் சரி பார்த்தார்கள். முன்னால் இப்போது இருந்தவை பழைய டயர்கள். துறைமுக ரோட்டில் கையை விட்டுப் பார்த்தான். கார் நூல் பிடித்தது போல நேராய்ப் போயிற்று.

திரும்பி வந்து, பின்னால் போயிருந்த அந்தப் புது டயர்களை மறுபடி முன்னால் போட்டார்கள், பழையபடி அதே பக்கங்களில். ஓட்டினான். கார் வலப்பக்கம் போயிற்று. அடுத்து அந்த இரண்டையும் இடம் வலமாய் மாற்றினார்கள். இடப்பக்கம் போயிற்று.

அவ்வளவுதான். இனி வக்கீல் வைத்தாலும் தப்ப முடியாது. டயருக்குள் ஓடும் கம்பிப் பட்டை நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாலன்ஸ் மெஷினுக்கும் தெரியாது. ஆனால் உருளும்போது, வாய் அகன்ற டம்ளரைத் தரையில் உருட்டினால் எப்படி வளைந்து போகுமோ அப்படிப் போகும். முன்னால் இருக்கும்வரை காரையும் இழுத்துக்கொண்டு போகும், பின்னால் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சேர்விஸ்காரர்கள் அதைப் பின்னால் போட்டதும் டயரின் இழுவை போய்விட்டது. எதிர்த்து நின்ற அவனுடைய சாய்வு மட்டும் தனியாய் மிஞ்சி, காரை இடப்பக்கம் இழுத்தது.

"பழசையே முன்னுக்குப் போட்டுருவோம்" என்றான் ரிம்ஸான் மெதுவாக. "ஒரு போல்ட் இளகியிருந்துச்சுன்னு சொல்லுங்க. அந்த டயர் ரெண்டையும் நாமளே சும்மா மாத்திக் குடுப்போம். முடிஞ்சுது. இப்ப அதக் கிளறி என்னத்துக்கு அண்ணன்? அந்த மனுசனே ஏத்தினேன்னு சொல்லிட்டாரே."

அதுதான் தயாபரனுக்கும் ஆசை காட்டியது. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆள் ஒருவர் இருக்கும்போது உண்மையான குற்றவாளிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஏற்றாத காரைக் கல்லில் ஏற்றினேன் என்று ஒருவர் ஏன் சொன்னார் என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. இறங்கியவர் பெரியதம்பி. வேலை போன பிறகு வாடகைக்கு ஒரு த்ரீவீல் எடுத்து, கொட்டாஞ்சேனைச் சந்தியில்தான் ஓடுகிறார். காற்றடிக்க இங்கேதான் வருவார். ஒவ்வொரு முறையும் சிரிப்பார், சுகம் விசாரிப்பார். கோபம் இல்லாத மனிதர் என்று தயாபரன் இத்தனை நாளும் அவரைப் பற்றித் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அட, நம்ம வண்டி!" என்றார். போனட்டில் கையை வைத்தார், பிறகு உரிமை இல்லாத இடம் என்று நினைத்தவர் போல எடுத்துக்கொண்டார். "அம்மா சொகமா இருக்காங்களா தம்பி? வண்டிக்கு என்னாச்சு?"

"கொஞ்சம் இழுக்குது அண்ணே."

பெரியதம்பியின் முகம் வாடிப்போயிற்று. "இன்னும் இழுக்குதா? ஐயோ, அன்னைக்கு நான் ஏத்துன அடிதான் தம்பி. உள்ளுக்குள்ள எங்கயோ வளஞ்சு போயிருக்கும். அம்மாவுக்கு எவ்வளவு செலவு வச்சிட்டேன்!"

"எந்தக் கல்லுல ஏத்தினீங்க?" தயாபரனின் குரல் அவனுக்கே அந்நியமாய்க் கேட்டது.

"அதுதாங்க தெரியல. மொதல்ல நான் ஏத்தலன்னுதான் நெனச்சேன். அம்மாகிட்ட புள்ள மேல சத்தியமே பண்ணுனேன். அப்புறம் வீட்டுல ஒக்காந்து யோசிச்சேன். தயாபரன் தம்பி மெஷின்ல பாத்துச் சொல்லியிருக்கு. மெஷினு பொய் சொல்லுமா? நான்தான் எங்கயோ ஏத்திப்புட்டு மறந்துட்டேன். வயசாகுதுல்ல? சத்தியம் வேற பண்ணிட்டமேன்னு பயம் வந்துருச்சு. போயி, ஆமாம்மா ஏத்திட்டேன்னு சொல்லிட்டேன்." அவர் சிரிக்க முயன்றார். "தப்பு என்னுதுதானுங்களே."

ரிம்ஸான் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய நட்டை மறுபடி இறுக்கத் தொடங்கினான். தயாபரனுக்கு அழுகை வந்தது. வேலையைப் பறித்தது ஒரு பாவம். தன் நினைப்பையே நம்பாத அளவுக்கு ஒரு மனிதரை ஆக்கியது அதைவிடப் பெரிய பாவம். அந்தப் பாவம் செய்தவனிடம் இவர் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டே காற்றடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோயிலிலிருந்து நேசமலர் அன்ரி வருவது தெரிந்தது. நெற்றியில் திருநீறு, கையில் தட்டு. பெரியதம்பியும் பார்த்துவிட்டார். "நான் அப்புறமா வாரேங்க" என்று த்ரீவீலை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க அண்ணே" என்றான் தயாபரன். "நீங்க போகக்கூடாது."

அன்ரி இரண்டு பேரையும் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். 

"அன்ரி, பெரியதம்பி அண்ணன் கல்லில ஏத்தேல்லை" என்றான் தயாபரன்.

"என்ன கதைக்கிறீர்? அவரே சொன்னவர்."

"நான் சொன்னதை நம்பித்தான் சொன்னவர். பிழை டயரில. நான் போட்ட டயரில. டயரை மாத்திப் போட்டுப் பாத்திருந்தா அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கேல்லை. டயர் இழுக்கிறதை மறைக்கச் சக்கரத்தைச் சாய்ச்சு விட்டனான். இப்ப டயர் பின்னுக்குப் போனதும் அந்தச் சாய்வு மற்றப்பக்கம் இழுக்குது."

"மெஷின் காட்டுது எண்டு சொன்னீரே தம்பி."

"மெஷின் ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. மெஷினில எல்லாம் சரியாத்தான் இருந்தது. கல்லு எண்டு சொன்னது நான்."

அன்ரி தட்டைக் கடை மேசையில் வைத்தாள்.  "இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சனான் தம்பி, விடையைப் பாக்காதேங்கோ, செய்கையைப் பாருங்கோ எண்டு. உம்மட்டை விடையை மட்டும் கேட்டுப்போட்டு இந்த மனுசனைத் துரத்திப்போட்டன்." அவள் பெரியதம்பியின் பக்கம் திரும்பினாள். 

பெரியதம்பிக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்ப நான் ஏத்தலீங்களா?" என்று தயாபரனைக் கேட்டார்.

"இல்ல அண்ணே."

"நெசமாவே?"

"நெசமா. நான்தான் பிழை செஞ்சது. என்னை மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பெரிய வார்த்தைகள் அவருக்குப் பழக்கமில்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுந்தத் துடைத்தார். அழுகிறாரா, வியர்வையா என்று தயாபரனுக்குத் தெரியவில்லை. பார்க்கத் துணிவும் இல்லை.

ரிம்ஸான் பழைய டயர்களை முன்னால் மாட்டி, காரை இறக்கினான். அந்தப் புது டயர்கள் இரண்டும் சுவரோரம் போயின. பின்னால் வேறு இரண்டு புதிதாய்ப் போட்டார்கள். அன்ரி கார்த் திறப்பைப் பெரியதம்பியிடம் நீட்டினாள்.

"நீங்களே ஓடிப் பாருங்கோ பெரியதம்பி. எனக்கு ஆரையும் நம்பேலாமல் கிடக்கு. என்னையும்தான்."

பெரியதம்பி கையைத் துவாயில் துடைத்துவிட்டுத் திறப்பை வாங்கினார். அன்ரி பின்னால் ஏறினாள், தயாபரன் முன்னால். துறைமுக ரோட்டுக்கு வந்ததும், "கையை விடுங்க அண்ணே" என்றான். பெரியதம்பி விடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் இறுகியிருந்தன. இரண்டாம் முறை சொன்ன பிறகு ஒவ்வொரு விரலாய்த் தளர்த்தினார். கைகள் ஸ்டியரிங்கைத் தொடாமல், அதன் இரண்டு பக்கமும் நின்றன. கார் நேராய்ப் போயிற்று. ஒரு லொறி கடந்து போயிற்று, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் பின்னால் போயின, கார் நேராய்த்தான் போயிற்று.

"அம்மா, நேராப் போவுது" என்றார் பெரியதம்பி.

"ஓம்" என்றாள் அன்ரி. "திங்கட்கிழமை வாங்கோ. த்ரீவீலை விட்டிட்டு வர விருப்பம் எண்டால்."

அவர் இரண்டு கைகளையும் மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தார். யோசிக்கட்டும் என்று அன்ரியும் விட்டுவிட்டாள்.

கடை வாசலில் பேவ்மென்ட் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, அவ்வளவு மெதுவாய், கார் நின்றது. நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம். பெரியதம்பி இறங்கினார். திறப்பைக் கொடுக்காமல் காரைச் சுற்றி வந்து, இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். டயரின் விளிம்பை விரலால் தடவினார், ரிம்மைத் தடவினார், கழுத்தை வளைத்து உட்பக்கமும் பார்த்தார்.

"என்ன அண்ணே பாக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பழகிப்போச்சு. த்ரீவீலயும் நிறுத்துன எடத்துலெல்லாம் எறங்கிப் பாத்துக்குவேன். எங்கயாவது ஏத்திப்புட்டு, தெரியாம இருந்துட்டா?"

தயாபரனும் பக்கத்தில் குந்தினான். கண் கலங்கியது, மறைக்கவில்லை. "எங்கயும் ஏறல அண்ணே. ஒண்டும் இல்ல."

பெரியதம்பி அவன் முகத்தைப் பார்த்தார். குத்திக் காட்டும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா தம்பி?"